வாங்கியது ஐம்பதாயிரம், வழக்கு இரண்டு லட்சத்துக்கு: எதிருரையில் என்ன எழுதுவது?

கேள்வி: ஒருவரிடம் 50,000 ரூபாய் கடன் வாங்கி, அந்த வருடமே 35,000 திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தவர், இப்போது இரண்டு லட்சம் என்று கேஸ் போட்டிருக்கிறார். பிராதில் ஏழு பாரா. ‘எல்லாம் பொய்’ என்று ஒரே வரியில் பதில் கொடுத்தால் போதாதா சார்?

பதில்: போதாது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 8, விதி 5-ன்படி, பிராதில் சொன்ன எந்தச் சங்கதியைக் குறிப்பாக மறுக்கவில்லையோ அதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் பாரா வாரியாகப் பதில்.

முதல் இரண்டு பாராவும் பெயர், விலாசம். சரியாக இருந்தால் ‘உண்மை’ என்று எழுதிவிட்டுப் போங்கள். வாதியின் வசதியைப் பேசும் மூன்றாவது உங்களுக்குத் தெரியாத விஷயம்; ‘ஒப்புக்கொள்ளவில்லை, வாதி ருசுப்பிக்க வேண்டும்’ என்றால் போதும்.

நான்காவதுதான் உயிர்நாடி. 14.06.2022 அன்று இரண்டு லட்சம் வாங்கினீர்கள் என்கிறது அது. ‘இரண்டு லட்சம் வாங்கியது உண்மையல்ல’ என்று எழுதினால் மழுப்பல் ஆகிவிடும். அப்படியானால் ஒன்றே முக்கால் லட்சம் வாங்கினாரா என்று கேட்க இடம் இருக்கிறதே! விதி 4 சொல்வது இதைத்தான்: அந்தத் தொகையையும் அதில் எந்தப் பகுதியையும் வாங்கவில்லை என்று மறுக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது. இப்படி எழுதலாம்: ‘பிரதிவாதி பெற்றது ரூ.50,000 மட்டுமே, அதற்கு மேல் எத்தொகையும் பெறவில்லை. அதில் ரூ.35,000 கீழ்க்கண்ட தேதிகளில் செலுத்தப்பட்டது. புரோநோட்டில் கையெழுத்து மட்டுமே பிரதிவாதியுடையது. தொகையும் தேதியும் பின்னர் நிரப்பப்பட்டவை.’ ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கையெழுத்தை ஒப்புக்கொண்டால், பணம் கைமாறியது என்ற அனுமானம் பெரும்பாலும் வாதிக்குச் சாதகமாகும்; அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே வங்கிக் கணக்கு நகலை எதிருரையோடே தாக்கல் செய்யுங்கள்.

ஐந்தாவது பாரா அப்பாவி போலத் தெரியும். 10.03.2024-ல் ஆயிரம் ரூபாய் கட்டி, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களாம். ஆயிரம் தானே என்று விட்டுவிடாதீர்கள். புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று வருடம். 2025 ஜூனோடு முடிகிறது. வழக்குப் போட்டது செப்டம்பரில். கட்டிய தேதியிலிருந்து காலவரம்பைப் புதிதாக ஓடவைக்கும் அந்த வரவுதான் வழக்கைத் தூக்கி நிறுத்துகிறது. நீங்கள் கட்டவில்லை என்றால், பணம் கட்டியது, கையெழுத்துப் போட்டது இரண்டையும் தனித்தனியாக மறுத்து, ‘வழக்கு காலவரம்பு கடந்தது’ என்றும் சேருங்கள்.

ஆறாவது வக்கீல் நோட்டீஸ் பற்றியது. வாங்கிக்கொண்டு பதில் போடாமல் விட்டிருந்தால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசிப் பாரா ‘வழக்கு மூலம்’, அதாவது வழக்குப் போடக் காரணம் எப்போது, எப்படி எழுந்தது என்பது; மறுத்தால் சரி.

அப்புறம், எதிருரை தாக்கல் செய்ய முப்பது நாள்; அந்தக் கணக்கு சம்மன் கையில் கிடைத்த தேதியிலிருந்து ஓடுகிறது, முதல் வாய்தாவிலிருந்து அல்ல. தாமதத்துக்குக் காரணம் காட்டினால் தொண்ணூறு நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம்.