அரவை இயந்திரம் ஒன்றுதான்: எந்தத் தூளை முதலில் அரைப்பது?

கேள்வி: செனோக்கோவில் மசாலாத்தூள் அரைத்து, தேக்கா கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போடுகிறோம். அரவை இயந்திரம் ஒன்றுதான், வருகிற ஆர்டர் எல்லாம் அதில் முடிவதில்லை. கிலோவுக்கு அதிக லாபம் தருவது கரம் மசாலா என்பதால் அதற்கே முதலிடம். மல்லித்தூளில் நிற்பது சொற்பம், அதைத் தள்ளிப்போடுகிறேன். வியாபாரம் ஓடுகிறது, கையில் காசு நிற்கவில்லை. எங்கே இடிக்கிறது? கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இடிப்பது வரிசையில். உங்களிடம் தட்டுப்பாடு மிளகாய்க்கோ மல்லிக்கோ இல்லை, இயந்திரம் ஓடும் நேரத்துக்குத்தான். அதனால் ஒரு கிலோவில் எவ்வளவு நிற்கிறது என்பதைவிட, ஒரு மணி நேர ஓட்டத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதே முக்கியம்.

முதலில் உங்கள் தாளில் ஒரு திருத்தம். ஒவ்வொரு கிலோவின் செலவிலும் வாடகையையும் மாதச் சம்பளத்தையும் பங்கு போட்டிருக்கிறீர்கள். எந்தத் தூளை அரைத்தாலும் அவை மாறப்போவதில்லை, எனவே இந்தக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. விற்பனை விலையிலிருந்து, அரைக்கும் கிலோவோடு கூடவே ஏறி இறங்கும் செலவை மட்டும் கழியுங்கள்: மூலப்பொருள், பாக்கெட், அட்டைப்பெட்டி, கிலோ கணக்கில் கொடுக்கும் டெலிவரிக் கூலி. பொருள் சேவை வரிக்குப் பதிந்திருந்தால், அந்த 9 விழுக்காட்டை விலையில் சேர்க்காதீர்கள். அது அரசாங்கத்துக்குப் போகிற பணம்.

இப்படிக் கழித்தபின் உங்கள் எண்கள்:

| தூள் | கிலோவுக்கு நிற்பது | மணிக்கு அரைபடுவது | மணிக்கு நிற்பது | வார ஆர்டர் |
|---|---|---|---|---|
| மல்லி | 2.80 வெள்ளி | 75 கிலோ | 210 வெள்ளி | 900 கிலோ |
| மிளகாய் | 4.50 வெள்ளி | 40 கிலோ | 180 வெள்ளி | 640 கிலோ |
| கரம் மசாலா | 9.00 வெள்ளி | 16 கிலோ | 144 வெள்ளி | 240 கிலோ |
| மஞ்சள் | 4.00 வெள்ளி | 25 கிலோ | 100 வெள்ளி | 300 கிலோ |

கடைசி இடத்தில் வைத்திருந்த மல்லி முதலிடத்துக்கு வந்துவிட்டது. காரணம் பொருளிலேயே இருக்கிறது. மல்லி மிருதுவானது, கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தாலும் வாங்குவார்கள், போட்ட வேகத்தில் விழும். கிராம்பிலும் பட்டையிலும் எண்ணெய்ச் சத்து அதிகம். சூடேறினால் வாசனை பறந்துவிடும், தூள் சல்லடைக் கண்ணில் அப்பிக்கொள்ளும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். மஞ்சள் கல் மாதிரி. முதலில் உடைத்து, மறுபடி போட்டு நைசாக்க வேண்டியிருப்பதால் நேரம் இரட்டிப்பாகிறது.

வாரத்துக்கு 48 மணி நேரம், அதில் மூன்று வகை தூள் ஓட்டினால் துடைத்துக் கழுவ 6 மணி. மிச்சம் 42. எல்லா ஆர்டரையும் முடிக்க 55 மணி வேண்டும். உங்கள் இப்போதைய வரிசைப்படி கரம் மசாலாவுக்கு 15 மணி, மிளகாய்க்கு 16, மஞ்சளுக்கு மீதி 11. வாரத்துக்கு நிற்பது 6,140 வெள்ளி. மல்லியை முதலில் போட்டால் அதற்கு 12 மணி, மிளகாய்க்கு 16, மீதி 14 மணியில் கரம் மசாலா 224 கிலோ. நிற்பது 7,416 வெள்ளி. அதே இயந்திரம், அதே ஆட்கள், வாரம் 1,276 வெள்ளி கூடுதல்.

ஆனால் மணிக்கு எத்தனை கிலோ என்பதை எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம். முதல் கிலோ உள்ளே போனதிலிருந்து கடைசித் தூள் வெளியே வரும்வரை கடிகாரம் ஓடட்டும். ஆறவிட்ட நேரம், சல்லடை தட்டிய நேரம், கப்பி திரும்பப் போட்ட நேரம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். எடையை மூட்டையில் பார்க்காமல், சலித்து விற்பனைக்குத் தயாரான தூளில் பாருங்கள். அரைக்கும்போது ஈரம் போய் எடை குறையும். ஒவ்வொரு தூளுக்கும் மூன்று ஓட்டமாவது அளந்து சராசரி எடுங்கள்.

துடைக்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே உள்ள 144 வெள்ளி, கரம் மசாலாவை வாரத்தில் ஒரே தடவை மொத்தமாக அரைத்தால்தான். யாராவது அவசரமாக 40 கிலோ கேட்டு அதற்காகத் தனியாக ஓட்டினால், அரைக்க இரண்டரை மணி, முன்பின் துடைக்க ஒரு மணி. 360 வெள்ளியை மூன்றரை மணியால் வகுத்தால் மணிக்கு 103தான். கிட்டத்தட்ட மஞ்சள் அளவுக்கு இறங்கிவிடுகிறது. எனவே சில்லறை ஆர்டர்களைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் அரையுங்கள். வாரத்தை மல்லியில் தொடங்கி மிளகாயில் முடித்தால், காரம் மற்றத் தூளில் ஏறாது, பெரிய கழுவலும் ஒன்றோடு போகும்.

மஞ்சளை என்ன செய்வது? மல்லி வாங்கும் கடைக்காரர் மஞ்சளும் உங்களிடமே கேட்பார், இல்லையென்றால் இரண்டையும் வேறிடத்தில் வாங்கிவிடுவார். ஆகவே அதைக் கைவிடாதீர்கள். உங்கள் இயந்திரத்தில் அரைக்கத்தான் வேண்டாம். அரைத்த தூளாக வாங்கினால் கிலோவுக்கு 1.50 வெள்ளி கூடுதல் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2.50 நிற்கும், 300 கிலோவுக்கு 750 வெள்ளி. இயந்திர நேரம் துளியும் செலவாகாது. நிறம் கூட்ட மஞ்சளில் ஈய குரோமேட் கலக்கும் மோசடி இருப்பதால், ஒவ்வொரு சரக்குக்கும் ஆய்வகச் சான்று கேட்டு வாங்குங்கள். இதில் விலை பேசாதீர்கள்.

மிகைநேரம் போட்டு நீங்களே அரைத்தால்? 12 மணி அரவை, ஒரு மணி துடைப்பு. மணிக்கு 15 வெள்ளி அடிப்படைச் சம்பளம் பெறும் இரண்டு உள்ளூர் ஊழியர்களுக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தால் மணிக்கு 45 வெள்ளி. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் முதலாளியின் 17 விழுக்காடு மத்திய சேம நிதியும் சேர்ந்து ஏறத்தாழ 53. பதின்மூன்று மணிக்கு 689 வெள்ளி போக, மஞ்சளில் வரும் 1,200இல் நிற்பது 511. மின்சாரத்தை இன்னும் கழிக்கவில்லை. வாங்குவதே மேல். மிகைநேரத்துக்கு மாதம் 72 மணி என்ற சட்ட வரம்பும் இருப்பதால், அதைத் தீபாவளி நெருக்கடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையை மாற்றுமுன் பாக்கெட் போடும் மேசையைப் போய்ப் பாருங்கள். பழைய வரிசையில் வாரத்துக்கு 1,155 கிலோ வந்தது. புதியதில் 1,764 கிலோ வரும். அறுநூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக எடை போட்டு ஒட்ட ஆள் இல்லையென்றால், தட்டுப்பாடு அரவையிலிருந்து மேசைக்கு நகர்ந்துவிடும். அரைத்த தூள் டப்பாக்களில் தேங்கி நிற்பதுதான் அடையாளம். அப்படி நின்றால் இந்த அட்டவணை செல்லாது, மேசையில் ஒரு மணி நேரத்தில் எந்தத் தூள் எவ்வளவு தருகிறது என்று புதிதாகப் போட வேண்டும். மல்லியைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு 10 கிலோ பையாகக் கொடுக்க முடிந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

மிளகாய் விலையில் மட்டும் கண் வைத்திருங்கள். கொள்முதல் கிலோவுக்கு ஒரு வெள்ளி ஏறி, உங்களால் விலையை ஏற்ற முடியாமல் போனால், கிலோவுக்கு நிற்பது 3.50, மணிக்கு 140. அன்றைக்கே கரம் மசாலா அதை முந்திவிடும். புது மூட்டைக்கு பில் வரும்போதெல்லாம் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்.