கிணற்று நீச்சல் தெரியும், கடல் ஏன் இழுத்தது?

"வேலூர்ப் பக்கம் கிணற்றில் நீந்திப் பழகியவன். மாமல்லபுரத்தில் கரையைப் பார்த்து எவ்வளவு நீந்தியும் உள்ளேதான் போனேன். ஏன்?"

கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் சாய்வாகக் கரையேறுங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள்.

உங்களை இழுத்தது பெரும்பாலும் இழுப்பு நீரோட்டம். அலை கொண்டுவரும் நீர் மணல்திட்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் வழியாகத் திரும்பும். உங்களைக் கடலுக்குள் இழுக்கும், அடியில் அமுக்காது.

இறங்குமுன் மேட்டில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாக, கலங்கலாக இருக்கிறதா? அதுதான் இழுப்பு, அங்கே இறங்காதீர்கள். அமைதியாக இருக்கிறதென்று நம்பிக் குடும்பங்கள் குழந்தைகளை இறக்குவதும் அங்கேதான்!

பாறை, கல்தடுப்பு ஓரத்திலும் இழுப்பு இருக்கும்; அவற்றை விட்டு விலகும் பக்கமாக நீந்துங்கள். ஒருவரை இழுத்தால் வீட்டார் பின்னால் குதிக்க வேண்டாம். மூடிய காலி கேனை வீசிவிட்டு 112-ஐ அழையுங்கள்.