படத்துக்கு முன் வடிவத்தைப் படியுங்கள்

கேள்வி: லைசென்ஸ் தேர்வுக்கு ஆப்பில் தினமும் பயிற்சி எடுத்தும் சாலைக் குறியீடுகள் குழம்புகின்றன, ஏன்?

மாதிரித் தேர்வு ஆப் என்பது ஒரு வினாத்தொகுப்பு. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் குறியீட்டை விட்டுவிட்டு விடையின் முதல் சொல்லை மனம் பிடித்துக்கொள்கிறது. பாட்டின் மெட்டு தெரிந்து வரிகள் தெரியாத மாதிரி.

விடைகளைக் கையால் மறைத்து, பொருளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வடிவம், நிறம், பிறகுதான் உள்ளே இருக்கும் படம். பல நாடுகளில் சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம். சிவப்பு வட்டத்தில் 50 என்றால் அதற்கு மேல் போகக்கூடாது. நீல வட்டத்தில் அதே 50 இருந்தால் அதிகபட்ச வேகம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது குறைந்தபட்ச வேகம்.