அண்ணன் பான் எண் தம்பி பெயரில் ஏறிவிட்டது: இப்போது என்ன செய்வது?

"ஐயா, 2025 செப்டம்பரில் கிருஷ்ணகிரி டவுனில் அண்ணன் தம்பி இருவரிடம் 62 லட்சத்துக்கு ஒரு வீடு கிரயம் வாங்கினேன். ஆளுக்குச் சரிபாதி. டி.டி.எஸ். 31,000 வீதம் இருவருக்கும் கட்டினேன். இப்போது தம்பி, 'என் கணக்கில் வரி வரவே இல்லை' என்கிறார். பத்திரத்தைப் பார்த்தால் முதல் பக்கத்தில் அவருடைய பான் எண் சரியாக இருக்கிறது, நான்காம் பக்கத்தில் வேறு எண். ஆதாரிலும் ஒரு இடத்தில் 11 இலக்கம்தான் இருக்கிறது. கிரயம் செல்லாமல் போய்விடுமா?"

கிரயம் செல்லும். பெயர், தகப்பனார் பெயர், கையெழுத்து, விரல் ரேகை, புகைப்படம், சொத்து விவரம் எல்லாம் சரியாக இருக்கும்போது ஓர் எண் பிழையால் உரிமை போய்விடாது. உங்கள் சிக்கல் வரியில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நகலில் நான்காம் பக்கத்தைப் பார்த்தேன். பணம் பெற்ற விவரம் சொல்லும் பத்தியில் தம்பி பெயருக்கு எதிரே இருப்பது அண்ணனுடைய பான். பத்திரம் எழுதியவர் அண்ணனுக்கான வாசகத்தை அப்படியே காப்பி செய்து, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இரண்டு எண்களும் கடைசி இலக்கத்திலும் கடைசி எழுத்திலும் மட்டும்தான் வேறுபடுகின்றன. ஒரே நாளில் ஒரே இடத்தில் விண்ணப்பித்திருப்பார்கள். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தகப்பனார் பெயரைப் போடுவதால் உடன்பிறந்தவர்களுக்கு அதுவும் ஒன்றாகிவிடும். உங்கள் ஆடிட்டர் நான்காம் பக்கத்தைப் பார்த்து சொத்து வாங்குபவர் டி.டி.எஸ். கட்டும் படிவமான 26QB இரண்டையும் அண்ணன் எண்ணிலேயே கட்டிவிட்டார். அதனால் ஒருவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26AS பட்டியலில் அண்ணனுக்கு 62,000 ஏறியிருக்கும், தம்பிக்கு ஒன்றுமில்லை.

இந்த மாதிரிப் பிழையை நீளம் பார்த்துப் பிடிக்க முடியாது. பான் என்றால் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து, மொத்தம் 10. தனிநபருக்கு நான்காவது எழுத்து P. இங்கே இவை எல்லாம் சரி, ஆள்தான் தப்பு. O எழுத்தா, 0 சுழியா என்ற குழப்பத்தை இடத்தை வைத்தே தீர்க்கலாம்: முதல் ஐந்தில் சுழி வராது, அடுத்த நான்கில் எழுத்து வராது. ஆள் மாறியதைப் பிடிக்க அட்டையைக் கையில் வைத்து, பத்திரத்தில் எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக ஒப்பிடுவதுதான் வழி. முதல் பக்கம் சரியென்றால் மற்றதும் சரி என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். (நானும் ஒருமுறை விட்டேன், அந்தத் திருத்தல் பத்திரத்தின் செலவு என் பையிலிருந்து போனது.)

முதலில் வரியைச் சரி செய்யுங்கள். வருமான வரித் துறையின் டி.டி.எஸ். தளமான ட்ரேசஸில், வாங்கியவராகிய நீங்கள்தான் 26QB திருத்தம் கேட்க வேண்டும். இரண்டில் தம்பிக்கு உரியது எது என்று ஒப்புகைச் சீட்டைப் பார்த்து, அதில் மட்டும் விற்றவர் பானை மாற்றுங்கள். வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டால் பத்திர நகலையும் இருவரின் பான் நகல்களையும் காட்டுங்கள். அதற்குள் அண்ணனிடம் பேசிவிடுங்கள். கூடுதலாக வந்த 31,000-ஐ அவர் தன் கணக்கில் காட்டி ரீஃபண்ட் கேட்டிருந்தால், அவர் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். திருத்தம் முடிந்ததும் டி.டி.எஸ். சான்றிதழான புதிய 16B-ஐ இறக்கி தம்பியிடம் கொடுங்கள்.

அப்புறம் பத்திரம். பதிவு செய்த அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். நீங்கள், அண்ணன், தம்பி மூவரும் கையெழுத்திட வேண்டும். "பான் எண் பிழை திருத்தப்படுகிறது" என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். அசல் பத்திர எண், ஆண்டு, 4-ஆம் பக்கம், எத்தனையாவது வரி, அங்கே இருப்பது என்ன, இனி எப்படிப் படிக்க வேண்டும் என்று இருக்க வேண்டும். கிரயத் தொகையும் சொத்து விவரமும் மாறவில்லை என்று ஒரு வரியும் சேருங்கள்.

ஆதாரையும் அதே பத்திரத்தில் முடித்துவிடலாம். ஆதார் 12 இலக்கம், நான்கு நான்காக மூன்று தொகுதி, 0 அல்லது 1-இல் தொடங்காது. உங்கள் பத்திரத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாக அடித்திருக்கிறார்கள், அதனால்தான் ஓர் இலக்கம் விழுந்தது யார் கண்ணிலும் படவில்லை. தொகுதி பிரித்து எழுதியிருந்தால் ஒரு தொகுதியில் மூன்றே இலக்கம் நிற்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும். பதிவான பத்திரத்தின் நகலைப் பிறரும் வாங்க முடியும் என்பதால், சார்பதிவாளர் ஏற்றுக்கொண்டால் முதல் எட்டு இலக்கத்தை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

திருத்தல் பத்திரத்தின் வரைவு வந்ததும் கையெழுத்துக்கு முன் ஒருவர் அட்டையிலிருந்து எண்ணை உரக்கப் படிக்கட்டும், இன்னொருவர் பத்திரத்தில் விரல் வைத்துப் பின்தொடரட்டும். தம்பி எண்ணைத் தம்பியே படிக்கட்டும்.