கூட்டற அக்காவ மேனேஜர் மிரட்டினா யார்கிட்ட சொல்றது?

கேள்வி: எங்க திருப்பூர் கம்பெனில கூட்டற அக்காவ மேனேஜர் தினமும் திட்டறார், அவங்க வேலை போகாம எப்படிங்க புகார் பண்றது?

ஒருநாள் கோவத்துல கத்தறது வேற, தொடச்ச தரையவே வேணும்னு திரும்பத் தொடைக்க வெச்சு எல்லாரு முன்னாடியும் வாடி போடின்னு தினமும் பேசறது கொடுமைப்படுத்தறதுதானுங்க. அக்கா ஏஜென்சி மூலமா வந்தவங்கன்னா, வேலை வாங்கறது கம்பெனி, சம்பளம் போடறது ஏஜென்சி, வாடகை சைக்கிள் மாதிரி, ஓட்டறவன் ஒருத்தன் ஓனர் இன்னொருத்தன், ஒடஞ்சா ரெண்டு பேருமே கை விரிச்சுருவாங்க. அக்காவே புகார் சொன்னா ஏஜென்சி சத்தமில்லாம வேற சைட்டுக்கு மாத்திரும், அதனால அக்காகிட்ட கேட்டுட்டு, நீங்க பாத்தத தேதி, நேரம், சொன்ன வார்த்தையோட உங்க பேர்ல ஹெச்ஆருக்கு மெயில் போடுங்க, அவங்கள இதுக்காக மாத்தக்கூடாதுன்னும் ஒரு வரி சேத்துருங்க. அசிங்கமான பேச்சு, கை வெக்கறதுன்னா வேலை செய்யற இடத்துல பொம்பளைங்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையத் தடுக்கற 2013 சட்டப்படி கம்பெனியோட உள்ளகப் புகார் குழுவுக்கு 3 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தக் குழு இல்லைன்னு பலபேர் சொல்லுவாங்க, தப்புங்க, ஏஜென்சி மூலமா வந்தவங்களும் அந்தச் சட்டத்துல வருவாங்க.