ஸ்டேக்ஹோல்டர் பட்டியலுக்குப் பிறகு என்ன எழுதுவது?

“டெல்லி ராஜிந்தர் நகரில் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். எதிக்ஸ் கேஸ் ஸ்டடியில் ஸ்டேக்ஹோல்டர் எல்லாரையும் எழுதியும் மார்க் வரலை.”

நண்பரே, யார் எதை இழப்பாங்கன்னு பேருக்குப் பக்கத்திலேயே எழுதுங்க. உங்க ஏரியாவிலேயே பார்க்கலாம்: அனுமதியில்லாத பேஸ்மென்ட் லைப்ரரி, வாசல் ஒன்றுதான், மழைக்காலம், தேர்வு நெருங்குது. நீங்க மாநகராட்சி அதிகாரி. சீல் வைக்காதேன்னு மேலதிகாரி வாய்மொழியா சொல்றார். மூடினா உரிமையாளருக்கு வருமானம் போகும், உங்களுக்குப் பதவி. மாணவருக்கோ மூடினா படிக்கிற இடம், மூடாவிட்டா உயிர். இந்த மோதலை ஒரே வரியில் எழுதிட்டா பரிவு, துணிவு, பொறுப்புடைமை எல்லாம் அதிலிருந்தே வரும்.

அடுத்து இரண்டு மூன்று வழிகள், அவற்றின் விளைவு. பிறகு உங்க முடிவு: இன்றே மூடி, மாற்று அறை ஏற்பாடு செய்து, மேலதிகாரி சொன்னதைக் கோப்பில் பதிவது. 250 வார்த்தையில் பாதியை இதற்கே கொடுங்க. பலர் இங்கேதான் ‘உரிய நடவடிக்கை எடுப்பேன்’னு நிறுத்திடறாங்க.