நெட்வொர்க் டிரைவில் உள்ள காணொளிகளை முதலில் லோக்கல் வட்டுக்கு நகலெடுக்கலாமா?

"தேக்காவில் உள்ள எங்கள் நடனப் பள்ளியின் 60 காணொளிகளிலிருந்து நிழற்படங்கள் எடுக்க இரவு முழுதும் ஆகிறது. முதலில் லோக்கல் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் வேகமாகுமா?"

உங்கள் வேலைக்கு ஆகும். நிழற்படம் எடுக்கும் நிரல் கோப்பினுள் அங்குமிங்கும் தாவிப் படிப்பதால், ஒவ்வொரு தாவலிலும் நெட்வொர்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. நகலெடுக்கும்போதோ கோப்பு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே ஓட்டமாக வருகிறது. நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 4 ஜிபி காணொளி 40 நொடிகளில் வந்துவிடும், அதன்பின் தாவல்கள் எல்லாம் எஸ்எஸ்டியிலேயே நடக்கும்.

ஆனால் 60 கோப்புகளையும் ஒன்றாக இறக்காதீர்கள், வட்டு நிரம்பிவிடும். ஒன்றைச் செயலாக்கும்போதே அடுத்ததை நகலெடுத்து, முடிந்ததை அழித்துவிடுவதே என் பரிந்துரை. அப்போது இரண்டு கோப்புகளுக்கான இடமே போதும்.

பாதியில் நின்ற நகலை நிரல் திறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. எம்பி4 கோப்பென்றால் `moov atom not found` என்ற பிழை பெரும்பாலும் அதையே காட்டுகிறது. ஆகவே தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, முழுமையாக வந்தபின் பெயர் மாற்றுங்கள்:

```
cp "$f" /scratch/a.part && mv /scratch/a.part /scratch/a.mp4
```

வேலை நடக்கும்போது சிபியு ஏற்கெனவே 100 விழுக்காட்டில் இருந்தால், தடை நெட்வொர்க்கில் இல்லை; நகலெடுத்தும் பெரிதாகப் பயனிராது.